மலை வந்தாள்: ல, ள, ழ, ர, ற படுத்தும் பாடு

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் ஓர் அழைப்புச் செய்தியை எடுத்துக்கொள்வோம். யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்பதால், வழக்கமாகக் கண்ணில் படும் பிழைகளைச் சேர்த்து நாமே ஒன்றை எழுதிப் பார்ப்போம்.

“நாலை காலை பத்து மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சுகிரோம். தெரு மூளையில் பல்லிக்கூடம் இருக்கும், அதற்கு எதிர் வீடு. வலி தெரியாவிட்டாள் அலையுங்கள். மலை வந்தாள் கொஞ்சம் பொருத்து வரலாம். அனைவரும் வந்தாள் மகிள்ச்சி.”

ஐந்து வாக்கியங்களில் 12 பிழைகள். ஆனாலும் படித்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும். மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு வந்தும் சேர்வார்கள். எழுத்தை மட்டும் நம்பிப் படித்தால்தான் வேடிக்கை. தெருவுக்கு மூளை இருக்கிறது, அங்கே பல்லிகளுக்கு ஒரு கூடம் இருக்கிறது, வலி தெரியாதவர்கள் அலைய வேண்டும், மலை என்கிற பெண் வந்திருக்கிறாள்.

இந்த 12 பிழைகளையும் ஒரே மாதிரி பிழைகள் என்று நினைத்து, “ல ள ழ வராது எனக்கு” என்று கையை விரித்துவிடுகிறோம். உண்மையில் இவற்றில் சரிபாதியை யோசித்தே திருத்திவிடலாம். அகராதி வேண்டாம், இலக்கண நூலும் வேண்டாம். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதற்கான சாட்சி நாம் தினமும் பேசும் பேச்சிலேயே இருக்கிறது. மீதிப் பாதி மட்டும்தான் மனப்பாடம். எது எந்தப் பாதி என்று பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

பள்ளிக்கூடத்தில் இவற்றை மயங்கொலி எழுத்துகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ண, ன, ந ஒரு கூட்டம். ல, ள, ழ ஒரு கூட்டம். ர, ற ஒரு கூட்டம். ஆக மொத்தம் எட்டு. இந்தக் கட்டுரை பின்னிரண்டு கூட்டங்களைப் பற்றியது.

ல சொல்லும்போது நாக்கு மேல்பல்லின் அடியை ஒட்டுகிறது. ள சொல்ல நாக்கு பின்னால் வளைந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும். ழ சொல்லவும் நாக்கு வளையும். ஆனால் அண்ணத்தில் ஒட்டாமல் வருடிக்கொண்டு போகும். அந்த வருடல்தான் கடினம். அதனால் பேச்சில் முதலில் கைவிடப்பட்டது ழதான். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் பழம் பெரும்பாலும் ‘பளம்’ ஆகிவிடும். பழைய சென்னைப் பேச்சில் அதே பழம் ‘பயம்’ ஆனது. யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழவும் ளவும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. ல, ள வேறுபாடு இன்னும் பலரது வாயில் உயிரோடு இருக்கிறது. ஆனால் வேகமாகப் பேசும்போது அதுவும் தேய்கிறது.

ர, ற கதை வேறு. ற வல்லினம். க, ச, ட, த, ப வரிசையில் வைக்கப்பட்ட எழுத்து. அதாவது ஒரு காலத்தில் நாக்கு நுனி அழுத்தி ஒற்றிய ஒலி அது. தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது றவை ரவோடு சேர்க்கவில்லை; னவோடு சேர்க்கிறது. ரவை ழவோடு சேர்க்கிறது. இந்தச் சேர்க்கை முக்கியம், பின்னால் நமக்குப் பயன்படும். இன்றைக்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் றவை ரவைப் போலவே சொல்கிறோம். கரி, கறி இரண்டும் காதுக்கு ஒன்றுதான்.

காது கைவிட்ட பிறகு கை மட்டும் எதை நம்பி எழுதும்? கூட நிற்கும் எழுத்துகளை நம்பலாம்.

முதலில் வால்பகுதியைப் பாருங்கள்

தமிழ்ச் சொல்லின் கடைசியில் ஒட்டுபவை கொஞ்சம்தான். அவற்றின் எழுத்து எங்கும் மாறாது. பன்மைக்கு ‘கள்’, எப்போதும் ள். பெண்ணைச் சொல்லும் வினைமுற்று ‘ஆள்’, எப்போதும் ள். ‘வீட்டில்’, ‘ஊரில்’ என்று இடம் சொல்லும் ‘இல்’, எப்போதும் ல். ‘அதனால்’, ‘வந்தால்’ என்று காரணமோ நிபந்தனையோ சொல்லும் ‘ஆல்’, எப்போதும் ல். மரியாதைக்கு வரும் ‘ஆர்’, எப்போதும் ர். நிகழ்காலம் காட்டும் ‘கிறு’, எப்போதும் ற. வருகிறார்கள் என்ற ஒரு சொல்லிலேயே ற, ர், ள் மூன்றும் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இந்த வரிசை எந்த வினைச்சொல்லுக்கும் மாறாது: படிக்கிறார்கள், தூங்குகிறார்கள், காய்ச்சுகிறார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் ‘காய்ச்சுகிரோம்’ உடனே ‘காய்ச்சுகிறோம்’ ஆகிவிடும்.

அடுத்தது நம் செய்தியில் மூன்று தடவை வந்த பிழை: தெரியாவிட்டாள், மலை வந்தாள், அனைவரும் வந்தாள். குறுஞ்செய்திகளில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இந்த ஆல், ஆள் தடுமாற்றம்தான். சோதிக்கச் சுலபமான வழி உண்டு. அந்த இடத்தில் ‘வந்தான்’ என்று ஆண்பாலைப் போட்டுப் பாருங்கள். ‘அக்கா வந்தாள்’ என்பதை ‘அண்ணன் வந்தான்’ என்று மாற்றினால் வாக்கியம் நிற்கிறது. அங்கே ள் சரி. ‘அனைவரும் வந்தான் மகிழ்ச்சி’ என்று மாற்றினால் வாக்கியம் விழுந்துவிடுகிறது. அங்கே ல் தான். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ‘வந்தாள்’ என்றால் விஷயம் முடிந்துவிட்டது. ‘வந்தால்’ என்றால் ‘சரி, வந்தால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். கேள்வி மிச்சமிருந்தால் ல்.

இதோடு 12 பிழைகளில் நான்கு தீர்ந்தன.

இறந்தகாலம் காட்டிக்கொடுக்கும்

அடுத்த சாட்சி இன்னும் சுவாரஸ்யமானது. ல், ள், ழ் மூன்றும் தனியாக நிற்கும்போது ஒன்றுபோல ஒலிக்கலாம். ஆனால் பின்னால் வல்லினமோ மெல்லினமோ வந்து ஒட்டியதும் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

செல் என்பது இறந்தகாலத்தில் சென்றான் ஆகிறது. கொல் கொன்றான் ஆகிறது. வெல் வென்றான், நில் நின்றான், கல் கற்றான், தோல் தோற்றான். ஆக ல் போய் அந்த இடத்தில் ன்ற அல்லது ற்ற வருகிறது. கொள் கொண்டான் ஆகிறது. ஆள் ஆண்டான், நீள் நீண்டது, உருள் உருண்டது, கேள் கேட்டான். ள் போய் ண்ட அல்லது ட்ட வருகிறது. வாழ் மட்டும் வாழ்ந்தான், ஆழ் ஆழ்ந்தான், மகிழ் மகிழ்ந்தான். ழ் அசையாமல் அப்படியே நிற்கிறது.

காரணம் வாய்க்குள் இருக்கிறது. ல், ற், ன் மூன்றும் பல்லடியைச் சேர்ந்த ஒரே தெருக்காரர்கள். ள், ட், ண் மூன்றும் அண்ணத்தின் உச்சியில் இருக்கும் அடுத்த தெருக்காரர்கள். லகரம் மாறினால் தன் தெருவுக்குள்ளேயே ஆள் மாறும், ளகரமும் அப்படியே. இந்த எழுத்துகளின் உச்சரிப்பு தேய்ந்த பிறகும் இந்த மாற்றங்கள் தேயவில்லை. ‘வாளுறேன்’ என்று ளகரம் போட்டுப் பேசுகிறவர்கூட ‘வாண்டேன்’ என்று சொல்ல மாட்டார். ‘வாள்ந்தேன்’ என்றுதான் சொல்வார். அவர் நாக்கு ழவை மறந்துவிட்டது. அவர் மொழி மறக்கவில்லை.

கேள்வியா, கேல்வியா என்று சந்தேகம் வந்தால் ‘கேட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ட்ட வந்தது, ஆகவே கேள்வி. தோல்வியா, தோள்வியா? ‘தோற்றேன்’. ற்ற வந்தது, ஆகவே தோல்வி. கல்விக்குக் கற்றேன்.

‘சொல்’ மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். அது சொன்றேன் ஆகாமல் சொன்னேன் ஆகிறது. ஆனாலும் வந்தது னதான், ணகரம் இல்லை. லகரம் தன் தெருவை விட்டு வெளியே போகவில்லை.

பெயர்ச்சொற்களிலும் இதே சோதனை வேலை செய்யும். அவற்றுக்கு இறந்தகாலம் கிடையாது; கூட்டுச்சொல் இருக்கிறது. கடல் கடற்கரை ஆகிறது, நெல் நெற்கதிர் ஆகிறது, பல் பற்பசை ஆகிறது. இவையெல்லாம் ல். பொருள் பொருட்காட்சி ஆகிறது, முள் முட்செடி ஆகிறது. இவை ள். தமிழ் தமிழ்ச்சங்கம்தான், கீழ் கீழ்க்கண்டதான். இவை ழ்.

நம் செய்தியின் முதல் சொல் ‘நாலை’. சுவரில் தொங்கும் நாட்காட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் என்பதோடு காட்டி சேர்ந்து நாட்காட்டி. ட் வந்திருக்கிறது, ஆகவே நாள். அந்த நாளிலிருந்து வந்தது நாளை. ஐந்தாவது பிழையும் போயிற்று.

இரட்டிக்காத இருவர்

தொல்காப்பியம் ரவையும் ழவையும் ஒன்றாக வைத்தது என்று பார்த்தோம். இந்த இரண்டும் நடத்தையிலும் ஒன்றுதான். இரண்டும் இரட்டிக்காது. பல்லி, பள்ளி, வெற்றி உண்டு. ழ்ழ என்றோ ர்ர என்றோ தமிழ்ச்சொல் கிடையாது. மாறாக, இரட்டித்த வல்லினத்தைத் தன் பின்னால் நிற்க விடும் குணம் இந்த இரண்டுக்கும் உண்டு. வாழ்க்கை, வாழ்த்து, கீழ்ப்பக்கம் என்று ழ் நிற்கும். பார்க்க, சேர்த்து, எதிர்ப்பு என்று ர் நிற்கும். ஒரு சொல்லுக்குள் ல், ள், ற் அப்படி நிற்காது.

இதிலிருந்து கைக்கு வசதியான ஒரு விதி கிடைக்கிறது. ஒரு தமிழ்ச் சொல்லின் நடுவே லகர வகை மெய் ஒன்று வந்து, அதை ஒட்டி க்க, ச்ச, த்த, ப்ப, ந்த வந்தால் அது கண்ணை மூடிக்கொண்டு ழ் தான். வாழ்த்து, நிகழ்த்து, தாழ்ப்பாள், ஆழ்ந்த, சூழ்ந்த. ‘வாள்த்து’ என்றோ ‘ஆள்ந்த’ என்றோ தமிழில் வர வழியே இல்லை. ளகரமாக இருந்திருந்தால் அது ‘ஆண்ட’ ஆகியிருக்கும்.

இந்த விதிக்குச் ‘சி’யில் முடியும் சொற்களை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. வினைச்சொல்லோடு ‘சி’ சேர்ந்து பெயராகும்போது நான்கு வகையாகப் பிரியும். மகிழ், நிகழ், வீழ் ஆகியவை மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வீழ்ச்சி ஆகின்றன. ஆள், மீள், நீள் ஆகியவை ஆட்சி, மீட்சி, நீட்சி ஆகின்றன. பயில், முயல் ஆகியவை பயிற்சி, முயற்சி ஆகின்றன. வளர், உணர், தேர் ஆகியவை வளர்ச்சி, உணர்ச்சி, தேர்ச்சி ஆகின்றன. நம் செய்தியில் வந்த ‘மகிள்ச்சி’ இந்த நான்கில் எதிலும் சேராது. ளகரமாக இருந்தால் ‘மகிட்சி’ என்று ஆகியிருக்க வேண்டும். அப்படி யாரும் சொல்வதில்லை, ஆகவே மகிழ்ச்சி. ஆறாவது பிழையும் தீர்ந்தது.

ஊர் முழுக்க எழுதிவைத்திருக்கும் ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ இரண்டும் ஏன் பிழை என்பதும் இங்கேயே விளங்கும். ற் தானே வல்லினம். அதற்குப் பின்னால் இன்னொரு வல்லினம் இரட்டிக்காது. ஆகவே ற்க, ற்ச, ற்ப என்று ஒற்றையாகத்தான் வரும்: நிற்க, முயற்சி, கற்பனை. ர் இடையினம், அதன் பின்னால் பார்க்க, வளர்ச்சி, எதிர்ப்பு என்று இரட்டித்தே அழுத்தமாக ஒலிக்கும். ஆகவே ர்ச்சியா, ற்சியா என்ற சந்தேகத்தை மூல வினைச்சொல்லிடம் கேளுங்கள். ‘வளர்ந்தான்’ என்றால் ர்ச்சி. ‘முயன்றான்’ என்றால் ற்சி.

இதன் கூடவே இன்னொன்று. ன் என்ற மெய்க்குப் பின்னால் வரும் ரகர ஒலி எப்போதும் ற தான். நன்றி, ஒன்று, என்று, கன்று. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்பதுபோல ன்ற ஓர் இணை. தமிழ்நாட்டில் எழுதுகிறவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். ஈழத்தமிழில் மட்டும் ஒரு விலக்கு. அங்கே பேச்சில் ‘என்ர’, ‘உன்ர’ என்று உண்டு. கனடாவின் நகரத்தை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். அது அவர்களது உச்சரிப்பின்படி எழுதும் முறை. அதைப் பிழை என்று திருத்தப் போகக் கூடாது.

வயிற்றைக் கேட்டால் ற தெரியும்

இரண்டு உயிருக்கு நடுவே வரும் ர, ற தான் பெரிய தலைவலி. அதற்கும் ஓரளவு சோதனை உண்டு. சொல் ‘று’வில் முடிந்தால் வேற்றுமை உருபு சேரும்போது ற இரட்டிக்கும். வயிறு வயிற்றில், கிணறு கிணற்றில், சோறு சோற்றில், ஆறு ஆற்றில், நூறு நூற்றில். ‘ரு’ அப்படி இரட்டிக்காது: தெரு தெருவில், எரு எருவில்.

எழுத்துத்தமிழ் மறந்திருந்தாலும் பேச்சுத்தமிழ் இதைக் காட்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் ற்ற என்பது த்த ஆகிறது. ‘வயித்துல வலி’, ‘கெணத்துல தண்ணி’, ‘ஆத்துல வெள்ளம்’ என்கிறோம். அந்த த்த கேட்டால் மூலச்சொல்லில் ற இருக்கிறது என்று அர்த்தம்.

நம் வீட்டு உறவுமுறையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சிறிய என்பதில் ற. பெரிய என்பதில் ர. இதைப் பல பேர் மாற்றிப் போட்டுவிடுவார்கள். சிறு என்பதோடு அப்பா சேர்ந்தால் சிற்றப்பா. அதுதான் பேச்சில் சித்தப்பா. பெரியப்பா பெரியப்பாவாகவே இருக்கிறார். யாரும் அவரைப் ‘பெத்தப்பா’ ஆக்கவில்லை. ஊர்ப் பெயர்களிலும் சிற்றூர், பேரூர். சித்தப்பாவை நினைத்தால் சிறியவின் ற மறக்காது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. பேச்சில் த்த வருவதெல்லாம் ற்ற அல்ல. பார்த்தேன் என்பதும் ‘பாத்தேன்’ ஆகிறது. சேர்த்து என்பதும் ‘சேத்து’ ஆகிறது. ஆகவே ‘று’வில் முடியும் பெயர்ச்சொல்லுக்கும் ‘சிறு’ போன்றவற்றுக்கும் மட்டும் இதைப் பயன்படுத்துவது நல்லது. யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது தேவையே இல்லை. அங்கே ற்ற இன்னும் த்த ஆகாமல், நாக்கு பல்லடியில் ஒற்றும் தனி ஒலியாகவே பேச்சில் இருக்கிறது.

மிச்சம் ஆறு

செய்தியில் இன்னும் திருத்தாதவை ஆறு: மூலை, பள்ளிக்கூடம், வழி, அழையுங்கள், மழை, பொறுத்து. இவற்றுக்கு மேலே சொன்ன எந்தச் சோதனையும் பயன்படாது. மழை என்பதில் ழ ஏன் என்று கேட்டால், அது அப்படித்தான் என்பதே பதில். மூளையும் மூலையும், பல்லியும் பள்ளியும் இப்படித்தான்.

ழவுக்கு மட்டும் ஓர் உதவி உண்டு. பழைய சென்னைப் பேச்சில் ய வரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வாயப்பயம், கொயந்தை, ‘மய பேயுது’. நீங்கள் ள சொல்லும் இடத்தில் இன்னொருவர் ய சொன்னால், அது பெரும்பாலும் எழுத்தில் ழ. அதே பேச்சில் இழுத்து என்பது ‘இஸ்து’ ஆகிறது. பாட்டி வழி உறவில் யாராவது அப்படிப் பேசினால் சிரிக்காமல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைக் குடும்பம் குடும்பமாக மனதில் வைப்பதுதான் வசதி. ஒற்றைச் சொல்லாகப் படித்தால் மறக்கும். கூட்டமாகப் படித்தால் ஒன்று மறந்தாலும் இன்னொன்று இழுத்து வரும். பொறு, பொறுமை, பொறுப்பு, பொறுத்து எல்லாம் ற. பொருந்து, பொருத்து, பொருத்தம் எல்லாம் ர. ஜாதகத்தில் பார்ப்பது பொருத்தம்; பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவை பொறுமை. நம் செய்தியில் மழைக்காகப் பொறுக்கச் சொல்கிறார்கள். எதையும் கொண்டுபோய்ப் பொருத்தச் சொல்லவில்லை. ஆகவே பொறுத்து. இதேபோல அழை என்றால் அழைப்பு, அழைப்பிதழ். அலை என்றால் அலைச்சல். கல்யாணத்துக்கு வேண்டியது அழைப்பு. அந்த அழைப்பிதழைக் கொடுக்கத்தான் அலைச்சல்.

அதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் அகராதிதான். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்குக் கைக்கு அடக்கமானது. இன்றைய வழக்கில் உள்ள சொல்லையும் அதன் பயன்பாட்டையும் வாக்கியத்தோடு காட்டும்.

இப்போது செய்தி இப்படி ஆகிறது: “நாளை காலை பத்து மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். தெரு மூலையில் பள்ளிக்கூடம் இருக்கும், அதற்கு எதிர் வீடு. வழி தெரியாவிட்டால் அழையுங்கள். மழை வந்தால் கொஞ்சம் பொறுத்து வரலாம். அனைவரும் வந்தால் மகிழ்ச்சி.”

காதின் பிழையா, விரலின் பிழையா

எல்லாப் பிழையும் அறியாமையால் வருவதில்லை. கைபேசியில் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள். அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறைகளில் `l` தட்டினால் ல வரும், `L` தட்டினால் ள வரும், `zh` அல்லது `z` தட்டினால் ழ வரும். `r` தட்டினால் ர, `R` தட்டினால் ற. ஒவ்வொரு தடவையும் பெரிய எழுத்துக்காக இன்னொரு விசையைத் தட்டப் பொறுமை இல்லாதவர் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே தட்டிவிடுவார். சொல்லைத் தானே ஊகிக்கும் விசைப்பலகையில் `vali` என்று தட்டினால் வலி, வழி, வளி என்று வரிசை நீளும். அவசரத்தில் முதலில் வந்ததன் மேல் விரல் விழும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரு செய்தியில் ளவும் ழவும் றவும் மருந்துக்குக்கூட இல்லை, எங்கும் லவும் ரவும் மட்டுமே என்றால் அது விரலின் பிழை. எழுதியவருக்குச் சரியான எழுத்து தெரிந்திருக்கலாம். மாறாக, மூலைக்கு மூளையும் நாளைக்கு நாலையும் என்று இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தால் அது காதின் பிழை. நம் செய்தி இரண்டாவது வகை. சிலர் சரியாக எழுத வேண்டும் என்ற கவலையிலேயே லவுக்கெல்லாம் ள போட்டுவிடுவார்கள். ‘வந்தாள்’ பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

விரலின் பிழைக்கு மருந்து விசைப்பலகையை மாற்றுவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 அமைப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை. ல ஓர் இடத்தில், ள இன்னோர் இடத்தில், ழ வேறோர் இடத்தில். தட்டும்போதே எது என்று முடிவு செய்தாக வேண்டும். காதின் பிழைக்கு அது மருந்தாகாது. எழுத்து தெரியாதவருக்குத் தனி விசை இருந்தும் பயனில்லை.

கைபேசியின் பிழைதிருத்தி காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். தன் பட்டியலில் இல்லாத சொல்லின் கீழ்தான் அது சிவப்புக் கோடு போடும். ‘மகிள்ச்சி’, ‘காய்ச்சுகிரோம்’ போன்றவற்றை அது பிடிக்கலாம். மலை, வலி, மூளை, அலையுங்கள், வந்தாள், பொருத்து எல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள். அவற்றின் மேல் அதற்கு என்ன சந்தேகம் வரும்? ஆபத்தான பிழைகள் கோடு விழாதவைதான்.

எல்லாம் பிழையல்ல

திருத்தப் போகும்போது ஒரு எச்சரிக்கை. சில சொற்கள் இரண்டு விதமாகவும் வழக்கில் உண்டு. பவளமும் பவழமும் சரி. மங்கலமும் மங்களமும் சரி. கருப்பு, கறுப்பு இரண்டும் புழங்குகின்றன. தமிழ்நாட்டில் உளுந்து, இலங்கையில் உழுந்து. யாழ்ப்பாணத்து அத்தை ‘உழுந்து வடை’ என்று எழுதினால் அவர் தவறு செய்யவில்லை.

துக்கச் செய்தியில் மட்டும்

பால் காய்ச்சும் செய்தியில் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அனுப்புவதற்கு முன் நிறுத்திப் படிப்பது நல்லது: இரங்கல் செய்தி. ‘ஆள்ந்த இறங்கள்’ என்று எழுதுவது மிகச் சாதாரணமாகிவிட்டது. இரண்டு சொல்லில் மூன்று பிழைகள். அவற்றில் இரண்டு மேலே பார்த்த வகைதான். ந்த வந்தால் ழ், ஆகவே ஆழ்ந்த. இரங்கல் என்பது பன்மை அல்ல. ‘கள்’ அங்கே வேலை செய்யவில்லை. பாடல், ஆடல் போல அது ‘அல்’ சேர்ந்த தொழிற்பெயர், ஆகவே ல்.

மிச்சம் ர, ற. இங்கே ஒரே செய்திக்குள் இரண்டும் வரும் என்பதால் கவனம் வேண்டும். இறந்தார், இறுதி, இறைவனடி எல்லாம் ற. இரங்கல், இரக்கம் ர. ‘இரந்தார்’ என்று எழுதினால் அவர் பிச்சை எடுத்தார் என்று ஆகிவிடும். ‘இறங்கல்’ என்று எழுதினால் படியிலிருந்து கீழே வருவதாக ஆகிவிடும். இந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு சொல்லை நினைவில் வைத்தால் போதும். இரக்கப்படுகிறவர் எழுதுவது இரங்கல். மேட்டிலிருந்து இறக்கத்துக்குப் போவது இறங்குதல்.